மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் மன்னிப்பு

“தொந்தரவுக்கு மன்னிக்கவும் சார். நீங்கள் வேலையாக இருப்பீர்கள் என்று தெரியும். முடிந்தால், விற்பனை அறிக்கைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்குமா என்று கேட்கலாமென நினைத்தேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.” புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

இதில் இரண்டு மன்னிப்புகளையும், ‘முடிந்தால்’, ‘கேட்கலாமென நினைத்தேன்’ போன்ற தயக்கங்களையும் அடித்துவிட்டால் எஞ்சுவது ‘இன்னும் கொஞ்சம் நேரம்’ மட்டுமே. எத்தனை நாள், எதனால் தாமதம் என்பது கடிதத்தில் இல்லவே இல்லை. பணிவுச் சொற்கள் அந்த ஓட்டையை மூடி வைத்திருந்தன. மேலாளர் திரும்பக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையான தொந்தரவு அதுதான்.

திருத்திய கடிதம் இது: “வணக்கம் சார். வெள்ளிக்கிழமை தர வேண்டிய விற்பனை அறிக்கையைத் திங்கள் காலை 11 மணிக்குத் தரலாமா? மதுரைக் கிளையின் கணக்கு இன்னும் வரவில்லை; சனிக்கிழமை வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். மற்ற கிளைகளின் பகுதி தயார். வேண்டுமானால் இன்றே அனுப்புகிறேன்.” ‘வணக்கம் சார்’ இருக்கிறது, ‘தரலாமா’ என்ற கேள்வியும் இருக்கிறது. மரியாதைக்கு அவை போதும்.

‘எதிர்பார்க்கிறேன்’ என்பதும் தயக்கம்தானே என்று தோன்றலாம். ஆனால் கணக்கு வருவது மதுரைக்காரர் கையில் இருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்தால் பொய் வாக்குறுதி ஆகிவிடும். அறிக்கையில் தப்பான எண் போய்விட்டால் மன்னிப்பும் தேவைதான்: ஒரே முறை, சரியான எண்ணோடு சேர்த்து.