பொயிலரின் பத்திரமும் பொயிலர்காரரின் பத்திரமும்

(தொழிற்சாலைப் பிரிவு அங்கத்தவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேயிலை ஸ்டோரில் பொயிலர் உள்ள தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கையைத் தூக்கியபோது எண்ணிப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவரிடம் பொயிலருக்கு சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குங்க, ஆபீஸ்ல மாட்டியிருக்கு" என்றார். சரி, உங்களுக்கு இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். இன்றைக்கு அந்த இரண்டு பத்திரங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் பொயிலரின் பத்திரம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீராவிப் பொயிலர் ஒவ்வொன்றும் குறித்த காலத்துக்கு ஒருமுறை அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவரால் பரீட்சிக்கப்பட வேண்டும். அந்தப் பரீட்சை இரண்டு பாகம். முதலாவது, நெருப்பை எடுத்து, தண்ணீரை வடித்து, ஆறவைத்து, மூடிகளைக் கழற்றி, உள்ளும் புறமும் சுத்தம் செய்த பிறகு பார்ப்பது. துரு தின்ற இடம், உப்புப் படிவு, தகட்டில் வெடிப்பு எல்லாம் அப்போதுதான் தெரியும். இரண்டாவது, திரும்ப நெருப்பு மூட்டி நீராவி ஏறிய நிலையில் பார்ப்பது. பாதுகாப்பு வால்வு சரியான அமுக்கத்தில் தூக்குகிறதா என்பது சூட்டில்தான் தெரியும். அலுவலர் எழுதும் அறிக்கையில் அந்தப் பொயிலர் எத்தனை இறாத்தல் அமுக்கம் வரை ஓடலாம் என்ற கணக்கு இருக்கும். அதே அளவு அமுக்கமானியின் முகத்தில் வேறு நிறத்தில் கோடு போட்டுக் காட்டப்பட்டிருக்க வேண்டும். அறிக்கையில் உள்ள எண்ணும் அந்தக் கோடும் ஒன்றா என்று பார்க்க இங்கிலீஷ் படித்திருக்கத் தேவையில்லை. நாளைக்கே பார்த்துவிட்டு வந்து தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் அந்தப் பத்திரம் பரீட்சை நடந்த நாளைப் பற்றித்தான் பேசும். நேற்று இரவு இரண்டு மணிக்குப் பொயிலருக்குள் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் விறகு போடுகிற ஆள். அதனால்தான் ஆளுக்கும் ஒரு பத்திரம் வேண்டும் என்கிறோம்.

பொயிலர் வேலை தெரிந்தவர் யாரையும் சோதிக்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: கேஜ் கிளாஸில் தண்ணீர் பாதிக்கு நிற்கிறது, உள்ளேயும் பாதிக்கு இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?

ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மழைக்காலம், ஓடைத் தண்ணீர் கலங்கல். பழைய பொயிலர்காரர் லீவில். மலையில் வேலை செய்த தம்பி ஒருவரை இரண்டு வாரத்துக்கென்று பொயிலருக்குப் போட்டார்கள். போகும்போது பழையவர் அவருக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்: ஷிப்டுக்கு ஒருமுறை கிளாஸை ஊதிப் பார். அந்த இரவு கிளாஸில் தண்ணீர் பாதிக்கு நின்றது. தண்ணீர்ப் பம்ப் ஓடியும் ஏறவில்லை, நின்றும் இறங்கவில்லை. அசைவே இல்லை. ஓடுகிற பொயிலரில் கிளாஸ் தண்ணீர் எப்போதும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். ஆடாத தண்ணீரை நம்பக்கூடாது.

கிளாஸுக்கு மூன்று டெப் உண்டு: மேலே நீராவி டெப், கீழே தண்ணீர் டெப், அடியில் வடிகால் டெப். ஊதும் முறை இது. மேல் இரண்டையும் மூடி வடிகாலைத் திறக்க வேண்டும். கிளாஸ் காலியாகி, ஒழுக்கு நிற்க வேண்டும். பிறகு தண்ணீர் டெப்பை மட்டும் திறந்தால் வடிகாலில் தண்ணீர் சீறி வர வேண்டும். அதை மூடி நீராவி டெப்பைத் திறந்தால் நீராவி சீறி வர வேண்டும். இரண்டு வழியும் திறந்திருப்பது இப்போது தெரிந்துவிட்டது. நீராவி டெப்பையும் வடிகாலையும் மூடி, முதலில் தண்ணீர் டெப்பைத் திறந்தால் கிளாஸ் மேல்வரை நிறையும். கடைசியாக நீராவி டெப்பைத் திறந்ததும் தண்ணீர் இறங்கி உண்மையான மட்டத்தில் நிற்கும். அதுதான் உள்ளே இருக்கிற தண்ணீர்.

தம்பி தண்ணீர் டெப்பைத் திறந்தபோது வடிகாலில் இரண்டு சொட்டு வந்து நின்றுவிட்டது. கீழ்வழியைச் சேறு அடைத்திருந்தது. அப்படியென்றால் கிளாஸில் நின்ற தண்ணீர் எது? மேலிருந்து வந்த நீராவி குளிர்ந்து கிளாஸுக்குள்ளேயே சேர்ந்த தண்ணீர். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அது சாட்சியே இல்லை.

அடுத்து என்ன செய்வது? இங்கேதான் உயிர் போகிறது. பயந்துபோனவருக்கு முதலில் தோன்றுவது பம்பைப் போட்டுத் தண்ணீர் விடுவது. செய்யக்கூடாதது அதுதான். 100 இறாத்தல் அமுக்கத்தில் உள்ளே இருக்கும் தண்ணீரே ஏறக்குறைய 170 பாகை சூடு. நெருப்பின் மேலுள்ள தகட்டைக் காப்பது அதன் மேல் நிற்கும் தண்ணீர்தான். அது வற்றிவிட்டால் தகடு பழுத்து இளகத் தொடங்கும். பழுத்த தகட்டில் தண்ணீர் பட்டால் ஒரே கணத்தில் நீராவி பொங்கும், தகடும் வெடிக்கலாம். பாதுகாப்பு வால்வை இழுத்து நீராவியைத் திடீரென்று விடுவதும் ஆபத்துத்தான். காற்று விசிறியை நிறுத்து, விறகு போடுவதை நிறுத்து, காற்று போகும் கதவுகளை மூடு, ஆட்களை அப்புறப்படுத்து, டீமேக்கருக்குச் சொல், தானாக ஆறட்டும். நெருப்பின்மேல் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். தம்பி அதைத்தான் செய்தார். ஆறிய பிறகு திறந்து பார்த்தால் தண்ணீர் கிளாஸின் அடிமட்டத்துக்கும் கீழே இருந்தது. தகடு இன்னும் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? வாட்டின கொழுந்து பழுதாகிவிட்டது என்று தம்பியிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "பயிற்சி இல்லாதவர் அவசரப்பட்டு நெருப்பை நிறுத்தினார்" என்று எழுதியிருந்தார்கள். பயிற்சி இல்லாதவரைப் போட்டது யார் என்று எழுதவில்லை. பழையவர் சொன்ன பாடத்தால் தம்பி பிழைத்தார். கையில் பத்திரம் இல்லாததால் கடிதத்துக்குப் பதில் சொல்லத் திணறினார். நாங்கள் லொக் புத்தகத்தில் அவர் எழுதியிருந்த நேரத்தையும், "கீழ்வழி அடைப்பு" என்ற இரண்டு வார்த்தையையும் காட்டித்தான் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்க வைத்தோம். ஆகவே ஒவ்வொரு ஷிப்டிலும் கிளாஸ் ஊதிய நேரத்தை எழுதிக் கையெழுத்து வையுங்கள். தமிழில் எழுதினால் போதும்.

அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. என்.வி.கியூ முறையில், வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே கற்றவர்களும் தங்கள் திறமையை மதிப்பிடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மதிப்பிடுபவர் நீங்கள் செய்வதைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், எத்தனை காலம் செய்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்பார். நம் ஆட்கள் தடுக்கி விழுவது இந்த அத்தாட்சியில்தான். பத்து வருஷம் பொயிலர் ஓட்டியவரின் செக்ரோலில் "தொழிற்சாலை வேலை" என்று மட்டும் இருக்கும். சேவைக் கடிதம் கேட்கும்போது "பொயிலர் இயக்குபவர்" என்ற வார்த்தை அதில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். தர மறுத்தால் லொக் புத்தகப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள். விண்ணப்பத்தை நைட்டாவின் மாவட்டக் காரியாலயத்தில் கேட்டு வாங்குவதில் நமது பிரதிநிதி துணைக்கு வருவார்.

இன்னுமொன்று. ஒரு பொயிலரில் பழகிச் சான்றிதழ் வாங்கியவரை, வேறு தோட்டத்தில் வேறு மாதிரிப் பொயிலருக்கு மாற்றினால், முதல் நாளே தனியாக இரவு ஷிப்டில் விடக்கூடாது. டெப் எந்தப் பக்கம் திரும்பினால் திறக்கும் என்பதே மாறலாம். பழகியவர் ஒருவரோடு சில ஷிப்டுகள் நின்ற பிறகுதான் பொறுப்பெடுக்க வேண்டும். வரும் பேச்சுவார்த்தையில் நிர்வாகங்களிடம் நாம் வைக்கப்போகும் கோரிக்கையில் லீவு நாட்களுக்கான மாற்று ஆள் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: அவரும் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், அந்த நாட்களுக்குப் பொயிலர்காரரின் சம்பளம் கொடுக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் இப்போது மாற்று ஆளாக யார் நிற்கிறார் என்று எழுதித் தாருங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் பேச முடியும்.