உதவி செய்தோம் என்று எழுதினால் போதுமா?

(எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருசம் நான் படிப்போடு சேர்த்து சனி, ஞாயிறு வேலை செய்த இடத்தில், ஒரு அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. தலைப்பில் "பிப்" என்று போட்டிருந்தது. எங்கட வீடுகளில் பிப் என்றால் உடல் ஏலாத ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற உதவிப்பணம். அக்காவின் அம்மாவும் அப்படித்தான் நினைச்சு, "காசு வரப்போகுதோ பிள்ளை?" என்று கேட்டாவாம். இது வேற பிப். செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம். உங்கட வேலை சரியில்லை, இத்தனை வாரத்துக்குள் திருத்துங்கோ, இல்லாவிட்டால் வேலை போகும் என்கிற காகிதம்.

அந்த அக்காவின் கதையை வைத்து ஒரே ஒரு விசயத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். இந்தத் திட்டம் தோல்வி என்று சொல்லி ஒருவரை வேலையால் நிப்பாட்டும்போது, அந்த முடிவு நியாயமா இல்லையா என்பது, முதலே என்ன எச்சரிக்கை குடுத்தார்கள், உண்மையில் என்ன உதவி செய்தார்கள் என்கிற பதிவில்தான் தங்கியிருக்கிறது.

முதலில் சட்டம், சுருக்கமாக. நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்கு. 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டத்தில் 98ஆம் பிரிவு, திறமைக் குறைவு ஒருவரை நிப்பாட்டுவதற்கு ஏற்கக்கூடிய காரணங்களில் ஒன்று என்று சொல்கிறது. ஆனால் காரணம் மட்டும் காணாது. அந்தக் காரணத்துக்காக நிப்பாட்டினதில் முதலாளி நியாயமாக நடந்தாரா என்று தீர்ப்பாயம் பார்க்கும். "நாங்கள் என்றால் நிப்பாட்டியிருக்கமாட்டோம்" என்று தீர்ப்பாயம் சொல்லேலாது. நியாயமான ஒரு முதலாளி எடுத்திருக்கக்கூடிய முடிவுகளுக்குள் இது அடங்குமா என்பதுதான் கேள்வி. அதனால் "அவ நல்ல வேலைக்காரி" என்று நாங்கள் எவ்வளவு வாதாடினாலும் அது பாதி வழிதான். வேலைத்தலம் என்ன செய்தது என்பதைத்தான் கேட்கவேண்டும்.

இது பழைய விதி. 1973இல் வோல்தம் ஹோலி குரொஸ் என்ற உள்ளூராட்சி சபை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் நீதிமன்றம் மூன்று விசயத்தைச் சொன்னது. எதில் பிழை என்று ஆளுக்குச் சொல்லவேண்டும். திருந்தாவிட்டால் வேலை போகும் என்று எச்சரிக்கவேண்டும். திருந்த வாய்ப்புக் குடுக்கவேண்டும். விதிவிலக்கும் உண்டு. 1978இல் முடிந்த ஒரு வழக்கில், பயணிகள் விமானத்தை மோசமாகத் தரையிறக்கிச் சேதப்படுத்திய ஒரு விமானியை, முன்னெச்சரிக்கை இல்லாமல் நிப்பாட்டினது சரி என்று தீர்ப்பு வந்தது. ஒரு பிழையே உயிர்களைக் கொல்லக்கூடிய வேலை அது. எங்களில் கனபேர் செய்கிற வேலை அப்படியில்லை. அதனால் எங்களுக்குப் பொருந்துவது அந்த மூன்று படிகளும்தான். ஏகாஸ் நிறுவனத்தின் நடைமுறைக் கோவையும் இதைத்தான் விரிவாக எழுதியிருக்கிறது: முதல் எழுத்து எச்சரிக்கை, பிறகு இறுதி எச்சரிக்கை, பிறகு முடிவு, அதற்குப் பிறகு மேன்முறையீடு.

இனி அக்காவிட்ட வருவம்.

அவ ஒரு மொத்த விற்பனைக் களஞ்சியத்தின் அலுவலகத்தில் ஆறு வருசம் ஓடர்களைக் கணினியில் பதிகிற வேலை. வருடாந்த மதிப்பீடுகள் எல்லாம் நல்லது. பிறகு புது மென்பொருள் வந்தது. பிழைகள் கூடின. முகாமையாளர் இரண்டு தரம் கூப்பிட்டுக் கதைத்தார், அது எழுத்தில் இல்லை. அதற்குப் பிறகு ஒரு கூட்டம், ஒரு எழுத்து எச்சரிக்கை. இரண்டு மாதத்தில் இறுதி எச்சரிக்கை, அதோடு எட்டு வாரத் திட்டம்.

திட்டம் காகிதத்தில் நல்லாத்தான் இருந்தது. இலக்கு: நூறு ஓடருக்கு இரண்டு பிழை அல்லது அதற்குக் குறைவு. அப்போது அவவுக்கு ஆறு. உதவி: கிழமைக்கு ஒரு தரம் அரை மணித்தியாலச் சந்திப்பு, புது மென்பொருளில் அரை நாள் பயிற்சி, திங்கட்கிழமைகளில் அனுபவமுள்ள ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து வேலை பார்ப்பது.

எட்டு வாரம் முடிய, வேலையால் நிப்பாட்டுறது பற்றி முடிவெடுக்கிற கூட்டத்துக்குக் கடிதம் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக 1999ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தருகிறது. தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருக்கலாம், கூட வேலை செய்கிறவராகவும் இருக்கலாம். அக்காவுக்குச் சங்கம் இல்லை. என்னைக் கேட்டா. கூடப் போகிறவர் கூட்டத்தில் பேசலாம், இடையில் வெளியே கூட்டிக்கொண்டு போய் ஆலோசிக்கலாம். அவரிடம் கேட்கிற கேள்விக்கு அவருக்குப் பதிலாக நாங்கள் மறுமொழி சொல்லேலாது. இது முக்கியம், ஏனென்றால் ஆளே தன் கதையைத் தெளிவாகச் சொல்லப் பழகிக்கொண்டு போகவேண்டும்.

நிறுவனத்தின் கடிதத்தில் இரண்டு வசனம்தான் கனமானது. "எட்டு வாரமும் கிழமை தவறாமல் உதவி வழங்கப்பட்டது." "எட்டு வாரச் சராசரி நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஐந்து பிழை." இரண்டையும் வாசித்தால் யாரும் நிப்பாட்டத்தான் சொல்லுவார்கள்.

ஆனால் அக்கா ஒரு வேலை செய்திருந்தா. ஒவ்வொரு சந்திப்பு முடியவும் அன்றைக்கே முகாமையாளருக்கு நாலு வரி மின்னஞ்சல்: இன்றைக்கு இதைக் கதைத்தோம், இதைச் செய்யச் சொன்னீர்கள், நான் இந்த உதவி கேட்டேன். சந்திப்பு நடக்காவிட்டால் அதையும் எழுதினா: "இன்றைய சந்திப்பு ரத்தானது, அடுத்த நேரம் எப்போது?" கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. திகதியும் நடந்ததும் மட்டும்.

அந்த மின்னஞ்சல்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். எட்டுச் சந்திப்பில் ஐந்துதான் நடந்திருக்கு. திங்கட்கிழமை பக்கத்தில் இருத்துவது இரண்டு தரம். மென்பொருள் பயிற்சி ஆறாம் வாரக் கடைசியில். பிறகு வாராந்தப் பிழைகளை எழுதினோம்: 6, 6, 5, 6, 5, 5, 3, 2. சராசரி எடுத்தால் ஐந்துக்குக் கிட்ட. ஆனால் பயிற்சி கிடைத்த பிறகு மூன்று, பிறகு இரண்டு. கடைசி வாரத்தில் இலக்கையே தொட்டிருக்கிறா. சராசரி என்கிற ஒரு எண் அதை மூடிவிட்டது.

முதல் கூட்டத்தில் இதைச் சொன்னோம். அவர்கள் கேட்கவில்லை. ஆறு வார முன்னறிவித்தலோடு நிப்பாட்டினார்கள். ஆறு வருசத்துக்குச் சட்டப்படி ஆகக் குறைஞ்சது ஆறு வாரம்.

மேன்முறையீட்டுக்கு வேற ஒரு முகாமையாளர் இருந்தார். அவரிடம் இரண்டு கேள்விதான் வைத்தோம். திட்டத்தில் எழுதின உதவி, எழுதின நேரத்தில் கிடைத்ததா? கிடைத்த பிறகு வேலை எப்படி மாறியது? அவர் கோப்பில் சந்திப்புக் குறிப்புகளைத் தேடினார். ஐந்துக்குத்தான் குறிப்பு இருந்தது. நிப்பாட்டினதை மாற்றி, இறுதி எச்சரிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னும் நாலு வாரம் தந்தார். அந்த நாலு வாரமும் அக்கா இரண்டைத் தாண்டவில்லை.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பொய் சொன்னமாதிரி. அதே இடத்தில் சில மாதம் கழித்து ஒரு தம்பிக்கும் நான் கூடப் போனேன். அவருடைய கோப்பில் பயிற்சி முதல் வாரத்திலேயே நடந்திருந்தது. எட்டுச் சந்திப்புக்கும் குறிப்பு, ஒவ்வொன்றிலும் அவருடைய கையெழுத்து. உடம்புக்கு ஏதும் பிரச்சினையா, வேற உதவி வேணுமா என்று இரண்டு தரம் கேட்டிருந்தார்கள். களஞ்சியத்துக்குள் வேற வேலை தரவும் பார்த்திருந்தார்கள். எண்கள் மாறவில்லை. அவரை நிப்பாட்டினார்கள். எனக்குக் கவலை, ஆனால் "செய்யாததைச் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள்" என்று சொல்ல அந்தக் கோப்பில் எதுவுமே இருக்கவில்லை. இரண்டு கோப்பிலும் கடைசிக் கடிதம் கிட்டத்தட்ட ஒரே வசனங்கள்தான். வித்தியாசம் அதற்குப் பின்னால் இருந்த காகிதங்களில்.

அதனால் இந்த நிலைமையில் ஒருவர் உங்களிடம் வந்தால் முதலில் கேட்கவேண்டியது, "அநியாயம் நடந்ததா?" என்று இல்லை. "திட்டத்தில் என்ன உதவி எழுதியிருக்கு, அதில் எது எந்தத் திகதியில் நடந்தது?" என்று கேளுங்கோ. திட்டம் தொடங்கின நாளிலேயே கேட்டால் இன்னும் நல்லது. பதிவை அன்றன்றைக்கு எழுதவேண்டும். கடைசியில் ஞாபகத்தில் இருந்து எழுதினதுக்கு அந்தப் பாரம் இல்லை.

மின்னஞ்சலை வேலைத்தல முகவரியில் இருந்தே அனுப்பலாம். திகதிகளைத் தனியே ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கோ, வேலை போனால் அந்த அஞ்சல்பெட்டி அன்றைக்கே பூட்டப்படும். ஆனால் வாடிக்கையாளர் விபரங்களைச் சொந்த முகவரிக்கு அனுப்பவேண்டாம். அதுவே வேற ஒரு ஒழுக்க விசாரணையாக மாறிவிடும். உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கிற பதிவுகளைத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி காசில்லாமல் கேட்கலாம், வழமையாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும்.

இரண்டு எல்லையைச் சொல்லி முடிக்கிறேன். சாதாரண நியாயமற்ற பணிநீக்க வழக்குப் போட, இரண்டு வருசம் வேலை செய்திருக்கவேண்டும் என்பதுதான் இவ்வளவு நாளும் இருந்த விதி. 2025ஆம் ஆண்டின் சட்டம் அதை 2027 ஜனவரியில் இருந்து ஆறு மாதமாகக் குறைக்கிறது. வேலை குறைஞ்சதுக்குக் காரணம் நீண்டகால நோயோ இயலாமையோ என்றால், அதற்கு ஏற்ற மாற்றங்களைச் செய்து தரும் கடமை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் இருக்கிறது. அந்த வழக்குக்குக் குறைந்தபட்சக் காலம் தேவையில்லை.

மற்றது கெடு. வழமையான கெடு, வேலை முடிந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. இதையும் புதுச் சட்டம் நீட்டுகிறது. அதனால் உங்கட திகதிக்கு எந்தக் கெடு பொருந்தும் என்பதை ஏகாஸிடமே கேளுங்கோ. வழக்குக்கு முதல் அவர்களின் சமரசப் படிக்குப் போகவும் வேணும். உள்ளுக்குள் மேன்முறையீடு நடக்கிறது என்பதற்காக அந்த மணிக்கூடு நிற்காது. "மேன்முறையீட்டு முடிவு வரட்டும்" என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டால், கோப்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் அதைத் திறந்து பார்க்க ஆளில்லை.

எங்களில் சிலபேர் நாளைக்கு ஒரு சின்ன அமைப்பின் குழுவில் இருந்து, சம்பளத்துக்கு ஒருவரை வைத்திருப்போம். "நாங்கள் எல்லாரும் தோழர்கள்தானே, காகிதம் எதுக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் திடீரென்று அவரை நிப்பாட்டுகிற நிலைமை வரலாம். அப்ப அந்த மேன்முறையீட்டு முகாமையாளர் தேடின குறிப்புகளை எங்கட கோப்பிலும் ஒருவர் தேடுவார். எழுதின பயிற்சியை எழுதின வாரத்தில் குடுத்தோமா என்பதை அதற்கு முதல் நாங்களே பார்த்துவைக்கவேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கோ, கதைப்பம்.