பகல் தெருவும் மழை இரவும்

புணேக்கு அருகே போசரியில், நாசிக் நெடுஞ்சாலை மேம்பாலத்தின் கீழே நின்று பட்டப்பகலில் ஒரு படம் எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாலத்தின் தூண்கள், ஓரமாகக் கடைகள், தொலைவில் மாடிக் கட்டடங்கள். ஓவியர் ஒருவருக்கு இதே தெரு மழை இரவாக வேண்டும். கட்டடம் எதுவும் இம்மியும் நகரக் கூடாது.

கணினியில் மூலப் படத்தை அடியில் பூட்டிவிட்டு, மேலே தனித்தனி அடுக்குகளில் வேலை செய்வார்கள். முதல் வேலை வெயிலை நீக்குவது. தூணின் கூர்மையான நிழல் சாலையில் கிடக்க, படம் முழுவதையும் இருட்டாக்கினால் அது மங்கலான பகலாகத்தான் தெரியும். நிழலையும் வெயில் பட்ட இடத்தையும் சமமாக்கிய பிறகே இருட்டாக்க வேண்டும். ஜன்னல்களையும் மாற்ற வேண்டும். பகலில் அவை சுவரைவிடக் கறுப்பு. இரவில் விளக்கெரிந்தால் சுவரைவிட வெளிச்சம்.

அடுத்தது ஈரச் சாலையில் விழும் பிரதிபலிப்பு. பலரும் படத்தின் மேல்பாதியை அப்படியே தலைகீழாக்கிக் கீழே ஒட்டிவிடுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு பொருளும் தன் அடி தரையைத் தொடும் இடத்திலிருந்துதான் கவிழும். அருகில் உள்ள தூணுக்கு அந்த இடம் படத்தில் கீழே இருக்கும். தொலைவில் உள்ள கட்டடத்துக்கு மேலே இருக்கும். எனவே ஒவ்வொன்றையும் தனியாக வெட்டி, தனியாகக் கவிழ்க்க வேண்டும்.

பாலத்தின் அடிப்பகுதிக்கு இதுவும் போதாது. கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், பிரதிபலிப்பு காட்டுவது சாலைக்கு ஒன்றரை மீட்டர் கீழிருந்து பார்க்கும் காட்சி. அங்கிருந்து பாலத்தின் அடிப்பரப்பு இன்னும் அதிகமாகத் தெரியும். நம் படத்தில் அந்தக் கோணம் இல்லை. கேமராவைத் தரையோடு வைத்து இன்னொரு படம் எடுத்திருந்தால் ஓரளவு உதவும். இல்லையேல் வரைந்துதான் சேர்க்க வேண்டும்.

பிரதிபலிப்பு எங்கும் ஒரே அளவில் இருக்காது. நேர் கீழே பார்த்தால் தண்ணீர் நூற்றில் 2 பங்கு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை செங்குத்திலிருந்து 80 பாகை சாய்ந்தால் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். ஆகவே நம் காலடியில் தார் கறுப்பாகவும், தூரத்துச் சாலை பளபளப்பாகவும் இருக்க வேண்டும். தேங்கிய குட்டையில் மட்டுமே உருவம் தெளிவாக விழும். சொரசொரப்பான ஈரத் தாரில் விளக்கொளி நம்மை நோக்கி நீண்ட கோடாக இழுபடும். அதனால் அங்கே மேல்கீழாகத்தான் மங்கலாக்க வேண்டும், பக்கவாட்டில் அல்ல.

கடைசியில் சோதனை. புதிய அடுக்குகளை மறைத்தும் காட்டியும் கட்டட மூலைகளைப் பாருங்கள். ஒரு மூலை துள்ளினாலும் ஏதோ நகர்ந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு விளக்கிலிருந்தும் நேர் கீழே ஒரு கோடு இழுங்கள். அதன் பிரதிபலிப்பு அந்தக் கோட்டிலேயே விழ வேண்டும். விலகியிருந்தால், அந்த விளக்கை மீண்டும் வெட்டி, சரியான அடியிலிருந்து கவிழ்த்துவிடுங்கள்.