பாஸ் ஆன டெஸ்ட்டுக்கும் பில்டு நம்பர் வேணும்

நான் சேவூர்ல இருந்து வேலை பார்க்கிற டெஸ்டர். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கான பில்லிங் சாப்ட்வேர் ஒன்றை டெஸ்ட் பண்றது எங்க டீம் வேலை. ரிலீஸுக்கு முந்தின கடைசி வாரத்தில் டெஸ்ட் கேஸ் கணக்கை எப்படி வச்சுக்கிறது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போறேன். அதுக்கு 2025 செப்டம்பர் மாதத்தை எடுத்துக்கலாம்.

செப்டம்பர் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-வது கூட்டம் நடந்தது. அதுவரைக்கும் பீஸ் ஒன்று 1,000 ரூபாய் வரை உள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம் வரி, அதுக்கு மேலே 12 சதவீதம். இனி 2,500 ரூபாய் வரை 5, அதுக்கு மேலே போனால் 18 என்று மாத்தினாங்க. செப்டம்பர் 22, திங்கட்கிழமை முதல் அமல். இந்த மாதிரி ரிலீஸை ஒரு நாள்கூட தள்ளி வைக்க முடியாதுங்க. திங்கட்கிழமை காலையில் லாரியில் ஏறுற சரக்குக்கு பில் சரியாக வந்தே ஆகணும்.

எங்க ஷீட்டில் 240 டெஸ்ட் கேஸ். கடைசி வாரம் புதன்கிழமை சாயங்காலம், ஆறாவது பில்டில் நிலவரம் இது: பாஸ் 198, ஃபெயில் 14, பிளாக் ஆனது 10, இன்னும் ஓட்டாதது 18.

இதை வச்சு இரண்டு சதவீதம் சொல்லலாம். ஓட்டின 212-ல் 198 பாஸ் என்றால் 93 சதவீதம். மொத்தம் 240-ல் 198 பாஸ் என்றால் 82.5 சதவீதம். இரண்டுமே கணக்குப்படி சரிதான். ஆனால் மேனேஜர் முதல் எண்ணைத்தான் கேட்க ஆசைப்படுவார். நாங்க சதவீதமே சொல்லாமல் நான்கு எண்ணையும் தனித்தனியாகச் சொல்வோம். ஏன் என்றால், ஆபத்து அந்த 93-க்குள்ளே தெரியாது. பிளாக் ஆன 10-லும், ஓட்டாத 18-லும்தான் அது உட்கார்ந்திருக்கும்.

முதலில் ஃபெயில் ஆன 14-ஐப் பார்ப்போம். 14 ஃபெயில் என்றால் 14 தப்பு என்று அர்த்தம் இல்லைங்க. ஒவ்வொரு ஃபெயிலுக்கும் எதிரில் பக் நம்பர் எழுதினோம். எழுதி முடிச்சுப் பார்த்தால் மொத்தமே ஐந்து பக். அதில் ஒரே ஒரு பக் மட்டும் ஒன்பது டெஸ்ட்டை விழுத்தாட்டியிருந்தது.

அது என்ன பக்? ஒரு ஜாக்கெட் விலை 2,632 ரூபாய், 5 சதவீதம் தள்ளுபடி. கழிச்சால் 2,500 ரூபாய் 40 காசு. அதாவது 2,500-ஐத் தாண்டிருச்சு, 18 சதவீதம் வரி. ஆனால் சாப்ட்வேர் முதலில் காசை ரவுண்டு பண்ணி 2,500 ஆக்கிட்டு, அப்புறம் வரியைத் தேடுச்சு. 5 சதவீதம் போட்டுருச்சு. நூறு பீஸ் பில்லில் 32,500 ரூபாய்க்கு மேல் வரி குறையுது. சாதாரண விலைகளில் இது கண்ணில் படவே படாது. எல்லையை ஒட்டின விலையைக் கொடுத்தால்தான் மாட்டும்.

வியாழக்கிழமை ஏழாவது பில்டு வந்தது. புரோகிராமர் "ஃபிக்ஸ் பண்ணியாச்சு" என்று போட்டுட்டார். இந்த இடத்தில்தான் பல டீமில் கணக்கு கெட்டுப்போகும். ஒன்பது ஃபெயிலையும் அப்படியே பாஸ் என்று மாத்திடுவாங்க. அப்படிச் செய்யக் கூடாதுங்க. ஃபிக்ஸ் என்பது புரோகிராமர் சொன்னது. டெஸ்ட் மறுபடி ஓடுற வரைக்கும் ஷீட்டில் அது ஃபெயில்தான். ஓட்டிப் பார்த்ததில் எட்டு பாஸ், ஒன்று மறுபடியும் ஃபெயில்.

அடுத்ததுதான் இன்றைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எங்க ஷீட்டில் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் எந்த பில்டில் ஓட்டினது என்று ஒரு காலம் உண்டு. ஃபெயிலுக்கு மட்டும் இல்லை, பாஸுக்கும். ஏழாவது பில்டில் மாத்தினது வரிக் கணக்குப் போடுற இடம். ஆறாவது பில்டில் பாஸ் ஆன 198-ல் அந்தக் கணக்கைத் தொடுற டெஸ்ட் 60. அந்த 60 பாஸும் பழைய கோடுக்குக் கிடைச்ச சர்ட்டிபிகேட். புது கோடுக்கு அது செல்லாது. அதனால் 60-ஐயும் "மறுபடி ஓட்டணும்" என்று மாத்தினோம். செல்லுபடியாகிற பாஸ் 198-ல் இருந்து 138-க்கு இறங்கிருச்சு.

ரிலீஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது எண்ணிக்கை கீழே போனால் எல்லாருக்கும் வயிறு கலங்கும். "நேத்து 198 சொன்னீங்க, இன்னைக்கு 138-ஆ?" என்று கேள்வி வரும். அப்போ அந்த 60 டெஸ்ட்டின் பட்டியலைக் காட்டணும், சதவீதத்தை வச்சு வாதாடக் கூடாது.

60-ஐயும் ஓட்டினோம். 57 பாஸ், மூன்று ஃபெயில். என்ன ஆச்சு என்றால், ரவுண்டு பண்றதை வரி தேடின பிறகு வைக்கிறதுக்குப் பதிலா, அந்த வரியையே எடுத்துட்டாங்க. பில்லின் அடியில் வர்ற ரவுண்டு ஆஃப் தொகையும் சேர்ந்து காணாமல் போயிருச்சு. நேத்து பாஸ் ஆன டெஸ்ட், இன்றைக்கு ஃபெயில். பில்டு நம்பர் எழுதாமல் இருந்தால் இது பாஸ் என்றே வாடிக்கையாளர் கைக்குப் போயிருக்கும்.

பிளாக் ஆன பத்துக்கு வர்றேன். சரக்கு திரும்பி வந்தால் போடுற கிரெடிட் நோட் திரை ஆறாவது பில்டில் திறக்கவே இல்லை. அதனால் அதுக்குப் பின்னால் இருந்த பத்து டெஸ்ட்டும் நின்றது. ஏழாவது பில்டில் திரை திறந்தது. ஏழு பாஸ், மூன்று ஃபெயில். 10-ம் தேதி 1,200 ரூபாய் டி-ஷர்ட் 50 பீஸுக்கு 12 சதவீதத்தில் பில் போட்டாச்சு. சரக்கு 24-ம் தேதி திரும்புது. கிரெடிட் நோட்டும் பழைய பில்லின் 12 சதவீதத்தில்தான் வரணும், அதாவது 7,200 ரூபாய் வரி. சாப்ட்வேர் அன்றைய வரியான 5-ஐ எடுத்து 3,000 போட்டுச்சு. பிளாக் என்றால் "பிரச்சினை இல்லை" என்று அர்த்தம் இல்லைங்க, "இன்னும் பார்க்கலை" என்று அர்த்தம்.

இதுக்கு நடுவில், வரி மாற்றத்துக்கான முறையான அறிவிக்கை 17-ம் தேதி புதன்கிழமைதான் வெளியானது. அதுவரை பத்திரிகைக் குறிப்பை வச்சு எழுதின டெஸ்ட்களின் எதிர்பார்க்கிற விடையை, அறிவிக்கையின் வார்த்தையோடு ஒப்பிட்டோம். சரியாக 2,500 ரூபாய் என்றால் 5 சதவீதம்தானா என்பது மாதிரி இடங்களில் ஒரு சொல்தான் முடிவு பண்ணும். டெஸ்ட்டில் எழுதின விடையே தப்பா இருந்தால் பாஸுக்கு மதிப்பு கிடையாது.

வெள்ளிக்கிழமை எட்டாவது பில்டு. மறுபடியும் எதைத் தொட்டாங்க, எந்த டெஸ்ட் செல்லாது என்று அதே வேலை. ஓட்டாமல் கிடந்த 18-ஐயும் அன்றைக்கே முடிச்சோம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் புது பில்டு வாங்கறதில்லை என்று முன்னாடியே பேசி வச்சிருந்தோம். வாங்கினால் மறுபடி ஓட்ட நேரம் இருக்காது.

கடைசியில் ஒரு ஃபெயில் மிஞ்சுச்சு. டெலிவரி சலானில் முகவரி நீளமாக இருந்தால் அச்சில் அடுத்த கட்டத்துக்குள் போயிருது. வரியும் தொகையும் சரி. முகவரியை இரண்டு வரியாகப் பிரிச்சு டைப் பண்ணினால் சரியாக வரும். அதோடு ரிலீஸ் பண்ணலாம் என்று முடிவானது. ஆனால் ஷீட்டில் அது ஃபெயிலாகவேதான் இருந்தது. பக்கத்தில் யார் ஒத்துக்கிட்டாங்க, எந்தத் தேதி, மாற்று வழி என்ன என்று எழுதினோம். பட்டியல் பச்சையாகத் தெரியணும் என்று அதைப் பாஸ் ஆக்கினால், அடுத்த ரிலீஸில் யாரும் அதைத் தேடமாட்டாங்க.

உங்க டீமில் டெஸ்ட் கணக்கு எக்செல்லில் இருந்தாலும் சரி, பெரிய டூலில் இருந்தாலும் சரி, பாஸ் காலத்துக்குப் பக்கத்தில் பில்டு நம்பர் இருக்குதா என்று பாருங்க. இல்லைன்னா நாளைக்கே ஒரு காலம் சேருங்க.