மாவுக்கட்டைப் பிரித்த பிறகு
(ஆதரவாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கை முறிந்தவருக்கு மாவுக்கட்டைப் பிரித்தவுடன் வைத்தியம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நாங்கள் பார்த்த வரையில் பாதி வைத்தியம் அன்றுதான் தொடங்குகிறது. தர்மபுரி மாவட்டம் இண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயாரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு எளிதாக விளங்கும்.

அவர்களுக்கு 42 வயது. வீட்டில் இரண்டு கறவை மாடுகள். வரப்பில் வழுக்கி விழுந்து, வலது முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு அதிகம் விலகவில்லை, ஆகவே ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் முன்கை திரும்பினால் முறிந்த இடமும் அசையும். அதனால்தான் முழங்கைக்கு மேல்வரை, கையை மடக்கியபடி கட்டுப் போட்டோம். ஏழு வாரம் கழித்து எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருப்பதைப் பார்த்துக் கட்டைப் பிரித்தோம்.

கை குச்சியாக மெலிந்திருந்தது. முழங்கை எல் வடிவத்திலேயே நின்றது, சற்று நீட்டலாம், சற்று மடக்கலாம், அவ்வளவுதான். சோற்றுக் கவளம் வாய்க்கு எட்டவில்லை. "எலும்பு கூடிருச்சுன்னு சொல்றீங்க, கை மட்டும் ஏங்கய்யா மரக்கட்டையாட்டம் இருக்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மூட்டைச் சுற்றியுள்ள பை போன்ற சவ்வு, அசைவில்லாமல் கிடந்தால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். தசைகளும் வேலையில்லாமல் இளைத்துவிடும். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. ஆகவே முன்கை இளைத்தால் பிடியும் போய்விடும்.

பிடியை அளக்க எங்களிடம் விசேஷக் கருவி கிடையாது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டி, 20 வரை காற்றடித்து, அதைப் பிழியச் சொன்னோம். இடது கை 180 காட்டியது. வலது கை 50-ஐத் தாண்டவில்லை.

எங்கள் பிசியோதெரபி சகோதரி கொடுத்த பயிற்சி மிகச் சாதாரணமானது. பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் கால் மணி நேரம் கை வைக்க வேண்டும். பிறகு மல்லாந்து படுத்து, மேற்கையை நேராக உயர்த்தி, முன்கை தன் பாரத்தாலேயே தோளை நோக்கி மெல்ல இறங்க விட வேண்டும். அடுத்து மேசைமேல் மடித்த துணியில் மேற்கையை வைத்து நீட்ட வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி, கரண்டியைப் பிடித்து உள்ளங்கையை மேலும் கீழும் திருப்ப வேண்டும். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளுக்கு நான்கு வேளை. பிடிக்கு, ஈரத்துணி பிழிவதும் மாவு பிசைவதும். தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. அசைப்பவர் அவர்களாகவே இருக்க வேண்டும், வேறொருவர் கை இழுக்கக் கூடாது என்பதைச் சகோதரி இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

பத்து நாளில் முழங்கை வீங்கித் திரும்பி வந்தார்கள். உறவுக்காரர் ஒருவர் பரிவோடு கூட்டிப்போய், எண்ணெய் விட்டு உருவி, வெடுக்கென்று நீட்டவைத்திருக்கிறார். நம் பக்கத்தில் இது மிகச் சகஜம். உடம்பில் மற்ற மூட்டுகளைவிட முழங்கைக்கு இது ஆகாது. பலவந்தமாக இழுத்தால் முன்புறத் தசை கிழிந்து, அந்த இரத்தக் கசிவில் புது எலும்பே வளரக்கூடும். அப்படி வளர்ந்தால் மூட்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளலாம். மூட்டில் சூடு, வீக்கம், நாளுக்கு நாள் கூடும் வலி, அதோடு அசைவும் குறைந்துகொண்டே போவது, இவைதான் அடையாளம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு வாரம் சென்றே மேகம்போல் நிழல் தெரியும்.

அவர்களுக்குத் தூளி போட்டுச் சில நாள் ஓய்வு கொடுத்தோம். வீக்கம் வடிந்தபின் பாதி அளவில் பயிற்சியைத் தொடங்கினோம். "பயிற்சி வலி இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கினால் சரிதானம்மா, மறுநாளும் வலித்தால் பாதியாகக் குறைத்துவிடுங்கள்" என்பதே அளவுகோல். நான்காம் வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் எதுவும் இல்லை. அன்று எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது.

ஆறாம் வாரம் கவளம் வாய்க்கு எட்டியது. பிறகு தலைமுடியைத் தாங்களே முடிந்துகொண்டார்கள். பிடி மெதுவாகத்தான் ஏறியது, மூன்றாம் மாதம் 130. அப்போது எலும்பு உறுதியாக இருப்பதை மறுபடி எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுக் குடம் தூக்க அனுமதித்தோம். முதலில் கால் குடம். கை முழுவதும் நேராக நீளவில்லை, கடைசிக் கொஞ்சம் வளைவு நின்றுவிட்டது. இப்படிச் சிறிது மிஞ்சுவதுண்டு, வேலைக்கு அது இடைஞ்சல் இல்லை. இப்போது இரண்டு மாட்டையும் அவர்களே கறக்கிறார்கள். காலையில் இரண்டாவது மாடு முடிவதற்குள் கை சோர்ந்துவிடுகிறதாம், அதற்கு மட்டும் மகள் வந்து உட்காருகிறாள்.