மறுப்பும் முகமும்



பணிவுமொழி பற்றிய உலக ஆய்வில் தமிழுக்குத் தனியிடம் உண்டு. பெனலோப் பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவரும் 1978-இல் வெளியிட்டு, 1987-இல் தனிநூலாக்கிய ஆய்வு, ஆங்கிலம், மெக்சிகோவில் வழங்கும் செல்தால், தமிழ் ஆகிய மும்மொழிகளைச் சான்றாகக் கொண்டது. தமிழ்ச் சான்றுகள் கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் திரட்டப்பட்டவை. ஒருவர் பிறர்முன் காத்துக்கொள்ள விரும்பும் மதிப்பை அவர்கள் 'முகம்' என்ற சொல்லால் குறித்தனர். 'முகத்தில் அடித்தாற்போல் பேசினார்' என்று சொல்லிப் பழகிய நமக்கு அது புதிதன்று.

கடன் கேட்கும் ஒரு பொழுதை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அண்டை வீட்டாரிடம், "அண்ணே, ஓர் இருநூறு வெள்ளி இருக்குமா?" என்கிறார். 'கொடுங்கள்' என்று அவர் கேட்கவில்லை. வினா பணத்தின் இருப்பைப் பற்றியது. ஆகவே மறுப்பும் பணத்தோடு நின்றுவிடலாம். "இல்லையே தம்பி" என்றால், இல்லாதது பணம்தான், அன்பில் குறையில்லை. "என்னால் முடியாது" என்றால் இயலாமை சொல்பவரைச் சார்கிறது. எனினும் விருப்பம் பேசப்படவில்லை. "தரமாட்டேன்" என்னும்போதோ தன்மை விகுதி வந்து ஏறி, மறுப்பவரின் மனத்தையே திறந்து காட்டிவிடுகிறது. மூன்றாலும் பணம் வரப்போவதில்லை. ஆயினும் மூன்றாவதைக் கேட்டவர் மறுநாள் மின்தூக்கியில் முகங்கொடுத்துப் பேசமாட்டார்.

இவற்றினும் மென்மையானது "பார்க்கலாம்" என்பது. யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது என எதையும் அச்சொல் சொல்வதில்லை. அதற்குத் திணை, பால், இட விகுதி ஏதுமில்லை. மலாய் நண்பர் "தெங்கோக்லா" என்னும்போதும் ஏறத்தாழ இதே வேலைதான் நடக்கிறது. இதை வாக்குறுதியாகக் கொண்டு காத்திருப்போர் உண்டு. அடையாளம் எளிது: "வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் பார்க்கலாம்" என நாள் சேர்ந்து வந்தால் நம்பலாம், நாள் இல்லையேல் அது பெரும்பாலும் மறுப்பே. நேராகச் சொல்லிப் பழகியவர்கள் இதைப் பொய் என்பர். கேட்பவரும் சொல்பவரும் ஒருங்கே பொருள் உணர்ந்திருக்கையில் யாரும் ஏமாறவில்லை என்பதே நம் கருத்து.

இதனால் தமிழர் எப்போதும் சுற்றிவளைத்தே பேசுவர் என்று கொள்ளலாகாது. "தண்ணீர் கொடுங்கள்" என்பது தமிழில் மரியாதையான வேண்டுகோள். மரியாதையை '-உங்கள்' என்னும் விகுதியே சுமந்துகொள்கிறது. ஆங்கில ஏவல்வினையில் அத்தகைய விகுதி இல்லை. அதனால் அத்தொடரை அப்படியே ஆங்கிலமாக்கினால் கட்டளையாக ஒலிக்கிறது. அலுவலகங்களில் நம்மவர் சிலர் கடுமையானவர் எனப் பெயர் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபுறம், ஆங்கிலப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை வீட்டில், "அம்மா, தயவுசெய்து தண்ணீர் தர முடியுமா?" என்று கேட்டால், "என்மேல் என்ன கோபம்?" என்றே தாய் கேட்பாள். அறிவிப்புப் பலகைக்கு உரிய அச்சொல், வீட்டுக்குள் வந்தால் தாயை அயலாராக்கிவிடுகிறது.