அண்ணன் போட்ட சப்பாத்து



1980களில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஜனவரியில் பள்ளி திறக்கும். அதற்கு முன்பே ஈப்போ புந்தோங்கிலிருந்து பெரியம்மா பையோடு வந்துவிடுவார். உள்ளே அவர் மகன் போட்டு முடித்த வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து. 2021 முதல் மலேசியப் பள்ளிகளில் கறுப்புச் சப்பாத்துதான் கட்டாயம். அன்று வெள்ளை.

பையன் காலுக்கு அது பெரிது. அம்மா முனையில் பஞ்சு வைத்தார். அதிகம் திணித்தால் விரல் மடங்கி நோகும்; குறைந்தால் குதிகால் உரசிக் கொப்புளம் வரும். லயத்து வாசலில் நடக்கவிட்டுப் பார்த்தார். பையன் கொஞ்சம் சாய்ந்து நடந்தான்.

பால்வெட்டு முடிந்து வந்த அப்பா சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. அண்ணன் நடக்கும் விதம் அப்படி. இதற்குப் பஞ்சு உதவாது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, உள்ளே வெளிவிளிம்பில் ஒட்டினார். சாய்வு குறைந்தது.

பிறகு அம்மா சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, ஈரம் காயும் முன் வெள்ளை பூசி, மஞ்சள் கறை படியாமல் இருக்க மேலே டிஷ்யூ ஒட்டி நிழலில் காயவைத்தார். நாக்குப் பகுதியில் மையால் எழுதியிருந்த அண்ணன் பெயருக்கும் பூசினார். மழையில் நனைந்த அன்று பெயர் மறுபடி தெரிந்தது.

“அழிச்சிடவா?” என்றார்.

“வேணாம்மா. அண்ணன் ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சது இதுலதானே!”